மற்றொரு காலுக்கு என்ன போடுவது?

பாத எலும்போ கணுக்கால் எலும்போ முறிந்தவருக்கு வாக்கர் பூட் எழுதிக் கொடுக்கும்போது, டாக்டர் ஒரு காலுக்குத்தான் எழுதுகிறார். மற்றொரு காலுக்கு என்ன போடுவது என்று சீட்டில் ஒரு வரியும் இருப்பதில்லை. நோயாளியும் கேட்பதில்லை. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பத்துப் பதினைந்து நாள் கழித்து எங்களிடம் வரும்போது அவர் சொல்லும் புகார் முறிந்த காலைப் பற்றி இருக்காது. நல்ல காலின் இடுப்பு வலிக்கிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது, நல்ல முட்டி விறைக்கிறது என்பார்.

கை கால்களுக்கான துணைக்கருவிகள் செய்வது என் தொழில். டெல்லியில் ஐ.டி.ஓ.வுக்குப் பக்கத்தில் விஷ்ணு திகம்பர் மார்கில் இருக்கும் பண்டிட் தீனதயாள் உபாத்யாய தேசிய நிறுவனத்தில் படித்தேன். செயற்கைக் கால், காலிப்பர், முதுகுப் பட்டை என்று பெரிய வேலைகளைத்தான் அங்கே கற்றுக்கொண்டோம். ஆனால் பிழைப்பில் பாதி செருப்புக்கு அடி ஒட்டுவதிலும், ஒட்டியதைத் தேய்ப்பதிலும்தான் போகிறது. அதைச் சின்ன வேலை என்று நான் நினைத்ததில்லை.

பூட் ஏன் உயரமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முறிந்த இடம் அசையக்கூடாது என்பதற்காகக் கணுக்காலை அது நேராகப் பூட்டி வைக்கிறது. கணுக்கால் மடங்காமல் நடக்க முடியாது. அதனால் அந்த மடக்கத்தை அடிப்பாகம் செய்துகொள்கிறது. முன்னும் பின்னும் வளைந்து உருளும் அடி அது. வளைவு வேண்டுமென்றால் கனம் வேண்டும். அதன்மேல் உள்ளே ஒரு நுரை மெத்தை. இரண்டும் சேர்ந்தால் குதிகால் தரையிலிருந்து மூன்று, நாலு சென்டிமீட்டர் மேலே போய்விடும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். பூட் முழங்கால்வரை வருகிறதா, பாதிவரை வருகிறதா என்பதற்கும் இந்த உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒரு கால் மூன்றரை சென்டிமீட்டர் நீண்டுவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. நிற்கும்போது பூட் கால் முட்டியை மடக்கி உயரத்தைக் குறைக்கும். நடக்கும்போது பூட்டின் நுனி தரையில் இடறாமலிருக்க அந்தப் பக்க இடுப்பைத் தூக்கும், இல்லையென்றால் காலை வெளிப்பக்கமாக வட்டமாகச் சுழற்றும். சிலர் நல்ல காலின் நுனிவிரலில் எம்பி எம்பி நடப்பார்கள். இவற்றுக்கெல்லாம் நல்ல பக்கத்துத் தசைகளும் சேர்ந்து கூலி வேலை செய்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தைப் பெரும்பாலானோர் உடம்பு கண்டுகொள்வதில்லை. மூன்றை அப்படி விட்டுவிடாது.

கரோல் பாகில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். மெட்ரோ படிக்கட்டில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்ததில் வலது பாதம் திரும்பி, சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்பின் அடிப்பகுதி முறிந்திருந்தது. பூட்டைப் போட்டுக்கொண்டு, தாங்கும் அளவுக்கு எடை கொடுத்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதம் சரியாகிக்கொண்டுதான் இருந்தது. இடது இடுப்புக்குத்தான் வலி.

“வெளியிலே அவ்வளவாப் போறதே இல்லை தம்பி, வீட்டுக்குள்ளேயேதான் இருக்கேன். அப்படியும் ஏன் வலிக்குது?” என்று கேட்டார்.

“வீட்டுக்குள்ளே இடது காலில் என்ன போட்டிருக்கீங்க டீச்சர்?”

“வீட்டுக்குள்ளே யாராவது செருப்பு போடுவாங்களா?”

நம்மவர்களிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான். வெள்ளைக்காரர் எழுதிய குறிப்புகள் எல்லாம் வெளியே போடும் ஷூவைப் பற்றியே பேசும். நம் வீட்டில் நல்ல கால் வெறுங்கால். பூட்டோ, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் காலில் இருந்தாக வேண்டும். டீச்சரின் வெளிச் செருப்பில் குதிகாலுக்கு 18 மி.மீ. கனம், பூட்டில் 38. வெளியில் போனால் வித்தியாசம் 20 மி.மீ. வீட்டில் முழு 38. சமையலறையில் நிற்பது, துணி மடிப்பது, அழைப்பு மணிக்கு எழுந்து போவது எல்லாம் அந்த 38-இல்தான் நடந்துகொண்டிருந்தது. எலும்பு முறிந்தவர் பகலில் முக்கால் பங்கை வீட்டில் கழிக்கிறார். வலி அங்கிருந்துதான் வருகிறது.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. செருப்பையும் பூட்டையும் அருகருகே வைத்து வெளியே தெரியும் விளிம்பைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இப்போது வரும் ஸ்போர்ட்ஸ் ஷூக்களில் அடியின் பக்கச் சுவர் பாதத்தைச் சுற்றி மேலே ஏறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் 4 சென்டிமீட்டர்போல் தெரியும். பாதம் அந்தச் சுவருக்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கித்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு கம்பியையோ மெல்லிய ஸ்கேலையோ ஷூவின் குதிகால் பகுதிக்குள் செங்குத்தாக இறக்கி, பின் விளிம்புவரை எத்தனை என்று பாருங்கள். அதே விளிம்புவரை வெளியில் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் குதிகாலுக்குக் கீழே இருக்கும் உண்மையான உயரம். பூட்டுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அதன் நுரை மெத்தை ஆள் நின்றால் சில மில்லிமீட்டர் அமுங்கும். அதனால் கழித்து வரும் கணக்கை நான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசி வார்த்தை பலகையினுடையது. என் அறையில் 4, 6, 12, 18 மி.மீ. கனத்தில் பிளைவுட் துண்டுகள் இருக்கின்றன. டீச்சரைப் பூட்டோடு நிறுத்தி, இரண்டு முட்டியையும் நீட்டச் சொல்லி, வெறும் இடது காலுக்கடியில் ஒவ்வொன்றாகச் செருகினேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் கையை வைத்தால், கைகள் ஒரே மட்டத்துக்கு வரும் இடம் தெரியும். 34 மி.மீ.யில் மட்டமானது. பூட் 38 இருக்கும்போது ஏன் 34? நுரை அமுங்குவது ஒரு பக்கம் இருக்க, அவருடைய வலது கால் இயல்பாகவே கொஞ்சம் குட்டை. பலரிடம் இப்படிச் சில மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. வாழ்நாள் முழுதும் தெரியாமலே இருப்பார்கள். பூட்டை மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது. வீட்டில் பலகை இல்லையென்றால் கெட்டி அட்டை போட்ட புத்தகங்களை அடுக்கிப் பார்க்கலாம். வார இதழ்கள் வேண்டாம், அமுங்கிவிடும். பிடித்துக்கொள்ள மேசையும், பின்னாலிருந்து பார்க்க வீட்டில் ஒருவரும் வேண்டும்.

ஆக, 34 என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் போகக்கூடாது. ஐந்து மில்லிமீட்டர்வரை குறைந்தால் பரவாயில்லை என்பது என் வழக்கம். உயரம் கூடக் கூட நல்ல கால் புரளும் அபாயமும் கூடும். ஒரு கால் ஏற்கெனவே பூட்டுக்குள் இருக்கும்போது மற்றதும் பிசகினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்த வாரமே டீச்சரின் மகள் ஒரு செருப்பு வாங்கி வந்துவிட்டார். ஹீல்ஸ் வைத்தது. “அம்மாவுக்கு உயரம்தானே வேணும்” என்றார். குதிகாலில் ஐம்பது மி.மீ., விரல் பக்கம் பதினைந்து. உயரத்தைத் தேடுபவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் இது. பூட் பாதத்தைக் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே மட்டமாகத் தூக்குகிறது. ஹீல்ஸ் குதிகாலை மட்டும் தூக்கிப் பாதத்தைச் சரிவில் நிறுத்துகிறது. அடி எடுத்து வைக்கும் கணத்தில் இடுப்பு மேலே போகும், பாதம் உருண்டு முன்பக்கம் எடை வரும்போது தொப்பென்று கீழே வரும். ஒரே அடிக்குள் இரண்டு உயரம். கணுக்காலும் ஆடும். ஆகவே ஷூ தேர்ந்தெடுக்கும்போது குதிகாலை அளந்த கையோடு, பெருவிரலின் மொட்டு வருமிடத்தையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஐந்தாறு மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கரோல் பாக் கடைகளில் ஸ்கேலை ஷூவுக்குள் விட்டு அளப்பவரைப் பார்த்தால் கடைப்பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மொத்த விலையில் வேண்டுமென்றால் பழைய டெல்லியில் பல்லிமாரான் இருக்கிறது, ஆனால் பூட் போட்ட காலோடு அந்தச் சந்துக்குள் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. பூட்டைக் காலில் போட்டுக்கொண்டு போய் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் பக்கத்துக் கடையே மேல். சாயங்காலம் போங்கள், நல்ல காலும் அதற்குள் கொஞ்சம் வீங்கியிருக்கும். பார்க்க வேண்டியவை சிலதான். குதிகாலைச் சுற்றி இறுக்கமான பிடி அல்லது பின்வார் இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு கூடவே கூடாது, விரலால் கவ்வி நடக்கிற காலுக்குத் தைரியம் வராது. அடி அகலமாக, குதிகாலின் அகலத்தைவிடக் கொஞ்சம் வெளியே விரிந்து இருக்க வேண்டும். கட்டைவிரலால் குதிகால் மெத்தையை அழுத்தினால் குழியக்கூடாது. மெத்துமெத்தென்ற ஷூ கடையில் 30 மி.மீ. காட்டும், ஒரு மாதத்தில் 24-ஆகிவிடும். நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் நல்லது. பூட்டும் உருண்டு போகிறது, இதுவும் உருண்டு போனால் இரண்டு அடிக்கும் தாளம் ஒன்றாகும்.

டீச்சருக்கு அப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ கிடைத்தது. வெளிச்சுவர் குதிகாலில் 42 மி.மீ. இருந்தது. உள்ளே அளந்தால் 29. முன்பாதத்தில் 20. வேண்டியதோ 34. உள்ளே ஒரு அட்டை போட்டுத் தூக்கிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். ஷூவுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எதையும் வைக்க இடமில்லை. வைத்தால் குதிகால் பின்பிடியை விட்டு மேலேறிக் கழன்று கழன்று வரும், மேல்பாதம் இறுகும். நமக்குக் குதிகாலில் வேண்டியது கொஞ்சம்தான் என்றாலும் முன்பாதத்தில் நிறைய வேண்டியிருந்தது. விரல் இருக்கும் இடத்தில்தான் ஷூ ரொம்பக் குறுகல். ஆகவே வெளியில்தான் ஒட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு எனக்கு ஒரு மோச்சி உண்டு. டெல்லியில் செருப்பு தைப்பவரை மோச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மரத்தடியில் பெட்டி வைத்திருப்பவர். எங்கள் பட்டறையில் தேய்ப்பு இயந்திரம் இருந்தாலும் ஷூவின் ரப்பர் அடியைக் கிழியாமல் உரிப்பதில் அவர் கை எனக்கு வராது. சூடு காட்டி, கத்தியை விளிம்பில் விட்டு, குதிகாலிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு கெட்டியான ஈ.வி.ஏ. ஷீட்டை வெட்டினோம். ஈ.வி.ஏ. என்பது ஷூ அடிகளில் போடும் நுரை ரப்பர், எடையே இருக்காது. உள்மெத்தைக்கு விற்கிற மெதுவான ரகம் இதற்கு ஆகாது, நகத்தால் அழுத்தினால் தழும்பு விழாத ரகம் வேண்டும். 10 மி.மீ. ஷீட்டைக் குதிகால் பக்கம் 4 மி.மீ. வரும்வரை தேய்த்து, விரல் மொட்டுக்கு அடியில் முழுக் கனத்தையும் விட்டு, அங்கிருந்து நுனியை நோக்கி மறுபடி மெலிதாக்கினேன். இப்போது குதிகாலில் 33, முன்பாதத்தில் 30. நுனி மெலிவதால் உருளவும் செய்யும்.

பசை விஷயத்தில் அவசரம் கூடாது. ஒட்டும் இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன் பிறகுதான் சேர்த்து அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டியது டெல்லி வெயிலில் நிற்காது. மே மாதத்தில் 45 டிகிரி காயும்போது, நிறுத்தி வைத்த காருக்குள் விட்ட ஷூவின் அடி வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் நகம் நுழைகிற அளவு பிளவு தெரிந்தாலே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவேன். நடையில் அது முழுதாக உரிந்தால் ஆள் விழுந்துவிடுவார்.

வீட்டுக்குள் போடுவதற்கு உரிப்பு வேலை எதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்வார் உள்ள, மட்டமான, தண்ணீரில் கழுவக்கூடிய ஒரு புதுச் செருப்பு. அடி எங்கும் ஒரே சீராக 20 மி.மீ. அதன் கீழே 10 மி.மீ. ஈ.வி.ஏ., அதற்கும் கீழே வழுக்காத 2 மி.மீ. ரப்பர். 32 ஆயிற்று. வாசலைத் தாண்டாத செருப்பு என்று சொன்னதும் டீச்சர் ஒப்புக்கொண்டார். “அப்போ பூட்?” என்று அவரே மடக்கினார். தெருவில் நடந்த பூட் பூஜை அறைவரை வருகிறதே என்பது நியாயமான கேள்விதான். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்டின் அடியை ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு வாருங்கள் என்றேன். சிலர் பூட்டின்மேல் பழைய சாக்ஸையோ பிளாஸ்டிக் உறையையோ மாட்டிவிடுகிறார்கள். மார்பிள் தரையில் அதைவிட ஆபத்தான யோசனை கிடையாது.

செருப்பு மாறியதும் கைத்தடியும் மாற வேண்டும். இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் இருக்க வேண்டும். வீட்டில் வெறும் இடது காலோடு பார்த்து வைத்த அளவு அவருடையது. இரண்டு பக்கமும் உயர்ந்த பிறகு தடி குட்டையாகி, அவர் அதன்மேல் சாய ஆரம்பித்திருந்தார். ஒரு துளை ஏற்றினோம். தடி அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில், அதாவது அவருக்கு இடது கையில். புடவையையும் செருப்பு போட்ட பிறகுதான் கட்டச் சொன்னேன். தரையைத் தொடும் கொசுவம் பூட்டின் உருண்ட நுனிக்கடியில் போய்ச் சிக்கும்.

சரியாக அமைந்ததா என்று கண்டுபிடிக்கக் காது போதும். நடந்து போகும்போது இரண்டு அடிச் சத்தத்துக்கும் நடுவே உள்ள நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு, ஒன்று அவசரமாக வந்தால் உயரம் ஒட்டவில்லை. கியூவில் நிற்கும்போது பூட் கால் முட்டி மடங்குகிறதா என்று வீட்டிலிருப்பவர் கவனிக்கலாம். பூட்டின் நுனி ரப்பரில் புதிய கீறல்கள் விழுந்தால் அது தரையில் இடறுகிறது என்று அர்த்தம். டீச்சருக்கு இடுப்பு வலி உடனே போகவில்லை. குறைய ஆரம்பித்து, பூட் கழற்றும் சமயத்தில் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

எல்லோருக்கும் இதே கணக்கு ஆகாது. தரையில் கால் ஊன்றவே கூடாது என்று சொல்லப்பட்டு, இரண்டு கைக்கும் கட்டை வைத்திருப்பவருக்கு மட்டம் முக்கியமில்லை. பூட் கால் தரையைத் தொடாமல் ஊசலாட நல்ல காலுக்குக் கொஞ்சம் உயரம் இருந்தால் போதும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளின் நல்ல காலை நான் தனியாகப் பார்ப்பேன். இத்தனை வாரமும் உடம்பின் பாரத்தைக் கூடுதலாகச் சுமப்பது அந்தக் கால். அதற்கு உணர்ச்சியும் குறைந்திருந்தால், புதுச் செருப்பின் ஒரு மடிப்பே புண்ணாக்கிவிடும். அவர்களுக்கு உயரத்தை வெளியில் ஏற்றிவிட்டு, உள்ளே எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பர் போடுகிறோம். டாக்டர் பால் பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் வேலூரில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகக் கொண்டுவந்த செருப்பின் மெத்தை அது. இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வேன். சிவப்பு அடுத்த நாள் காலையும் மறையாமல் இருந்தால் அந்தச் செருப்பை நிறுத்திவிட வேண்டும்.

கோவிலுக்கு வழி கிடையாது. ஆர்.கே. புரத்து மலை மந்திருக்குப் போகலாமா என்று டீச்சர் கேட்டார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, பூட்டோடு மட்டும் குன்றின் படி ஏறுவதென்றால், மிகப் பெரிய வித்தியாசத்தோடு மிகச் சிரமமான வேலையைச் செய்கிறோம். பூட் போன பிறகு போங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுப் படி தவிர்க்க முடியாதது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பூட் கால் முதலில்.

பூட்டைக் கழற்றும் நாளில் இந்த உயர்த்திய ஷூவையும் கழற்றிவிட வேண்டும். டாக்டர் சிலரைப் பாதி நாள் பூட், பாதி நாள் சாதாரண ஷூ என்று மாறச் சொல்வார். அப்போது இரண்டு காலும் சேர்ந்து மாற வேண்டும். பூட் போன பிறகும் ‘பழகிவிட்டது’ என்று உயர்ந்த ஷூவிலேயே நடந்தால் வித்தியாசம் திசை மாறி, முறிந்து ஒட்டிய காலின் பக்கம் வலி தொடங்கும். டீச்சரின் ஷூவை மோச்சி மறுபடி உரித்து, ஈ.வி.ஏ.யை எடுத்துவிட்டுப் பழைய அடியை ஒட்டிக் கொடுத்தார். பெட்டியில் புதிதாகவே இருந்த வலது ஷூவோடு அது ஜோடி சேர்ந்தது.

பாகீரத் பேலஸிலும் யூசுப் சராயிலும் இருக்கும் சர்ஜிகல் கடைக்காரர்களுக்கும், பூட் செய்யும் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நான் பார்த்த பெட்டிகளில் சின்னது, நடுத்தரம், பெரியது என்ற அளவு இருக்கிறது, விலை இருக்கிறது. ஆள் நின்றால் குதிகாலுக்கடியில் எத்தனை மில்லிமீட்டர் வரும் என்பது இல்லை. அந்த ஓர் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். வாங்குபவர் அதைப் பார்த்து, அன்றைக்கே மற்றொரு காலுக்கும் செருப்பு வாங்கிக்கொள்வார்.